பக்கவாட்டில் போகும் ஒளிக்கும் டாப்ளர் உண்டு

ஆசிரியருக்கு,

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், நெருங்கும்போதும் விலகும்போதும் அலையின் அதிர்வெண் மாறித் தெரியும் டாப்ளர் விளைவை செங்கோட்டை பாசஞ்சரின் ஹாரனை வைத்து விளக்கியது நன்றாக இருந்தது. ஆனால் ரயில்வே கேட் அருகே நிற்பவருக்கு நேர் குறுக்கே எஞ்சின் இருக்கும்போது எழுந்த ஒலியில் மாற்றம் இராது என்று சொல்லிவிட்டு, "ஒளிக்கும் அப்படியே" என்று முடித்திருப்பது சரியல்ல. ஒளியில் அங்கேயும் ஒரு மாற்றம் மிஞ்சும். ஓடும் அணுவின் கடிகாரம் நமக்கு மெதுவாக ஓடுவதால், அது அனுப்பும் அதிர்வுகளும் குறைந்து சிவப்புப் பக்கம் நகரும்.

அளவுதான் மிகச் சிறியது. ஒளியின் வேகத்தில் 0.5 சதவீதம், அதாவது நொடிக்குச் சுமார் 1,500 கிலோமீட்டர் வேகத்தில் ஹைட்ரஜன் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அதன் 486.1 நானோமீட்டர் அலைநீள நிறமாலைக் கோடு, நம்மை நோக்கி வந்தாலும் விலகிப் போனாலும் சுமார் 2.4 நானோமீட்டர் நகரும். குறுக்கே போனால் நகர்வது வெறும் 0.006.

"சார்வாள், நேரா பக்கவாட்டுல இருந்தே இதப் பாக்கலாம்லா?" என்று கல்லூரிக்குப் போகும் என் பழைய மாணவன் கேட்டான். பார்க்கலாம். ஆனால் கருவியின் கோணம் ஒரு டிகிரியில் ஏழில் ஒரு பங்கு பிசகினாலே போதும். வழக்கமான டாப்ளர் மாற்றம் அதே 0.006 அளவுக்கு உள்ளே புகுந்துவிடும். அப்புறம் எது எதென்று பிரிக்க முடியாது.

1938-இல் அமெரிக்க இயற்பியலாளர்கள் ஐவ்ஸும் ஸ்டில்வெல்லும் இதைத் தவிர்த்த விதம் அழகானது. குறுக்கே பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். எதிரே வரும் ஒளியையும், பின்னால் போய் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியையும் ஒரே ஒளிப்படத் தகட்டில் பதிந்தார்கள். மேலே சொன்ன வேகத்துக்கு அவை 483.676, 488.537 என்று விழும். இரண்டின் சராசரி 486.106. காலம் மெதுவாகாவிட்டால் அலைநீளங்களின் சராசரி சரியாக 486.1-இல் நிற்க வேண்டும். கூடுதலான அந்த 0.006-தான் குறுக்கு டாப்ளரின் கையெழுத்து. வேடிக்கை என்னவென்றால், ஓடும் கடிகாரம் மெதுவாகும் என்று சொன்ன ஐன்ஸ்டைனின் சார்பியலை ஐவ்ஸ் ஏற்காதவர், ஒளியைச் சுமக்கும் ஊடகமாகக் கருதப்பட்ட ஈதரை நம்பியவர்.

உங்கள் படத்திலும் ஒரு சிக்கல். விண்மீன் மிக அருகில் இருக்கும் இடத்தில் அதை வரைந்து, அதே கணத்தில் ஒளி கண்ணுக்கு வருவதாக அம்பு போட்டிருக்கிறீர்கள். அந்தக் கணத்தில் வந்து சேரும் ஒளி முன்பே, விண்மீன் இன்னும் நெருங்கிக்கொண்டிருந்தபோது கிளம்பியது. அது நீலப் பக்கம்தான் நகர்ந்திருக்கும். சிவப்பு மாற்றம், அந்த மிக அருகிலுள்ள இடத்திலிருந்து கிளம்பிய ஒளிக்கு. அது நம்மிடம் வருவதற்குள் விண்மீன் கடந்து போயிருக்கும். திருத்தம் வெளியிடுவதானால், விண்மீனை இரண்டு இடங்களில் வரைந்து எந்த ஒளி எங்கிருந்து கிளம்பியது என்று குறித்துவிடுங்கள்.

– ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கல்லிடைக்குறிச்சி