டெர்மினலில் அட்டவணை அச்சிடும் நிரலர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூர் அலுவலகங்களில் சக ஊழியர்களுக்காக ஸ்கிரிப்ட் எழுதித் தரும் நண்பர்களுக்கு, வணக்கம்.

நான் ஒயிட்ஃபீல்டில் ஓர் அலுவலகத்தில் அதிகாலை ஷிஃப்ட் பார்க்கிறேன். ஜப்பானில் ஒன்பது மணிக்குக் கிடங்கு திறக்கும்போது இங்கே ஐந்தரை. எந்தக் கிடங்கில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று டெர்மினலில் பார்த்துச் சொல்வது என் வேலை. பெயருக்கு 12 கட்டம், இருப்புக்கு 4 கட்டம், அப்புறம் ஆர்டர். ஒரு நாள் ஒசாகா கிடங்கின் வரிசையில் ஆர்டர் இடம் காலியாக இருந்தது. ஆனால் வரிசை முழுக்க நான்கு கட்டம் வலப்பக்கம் நகர்ந்துவிட்டதால், இருப்பு எண் ஆர்டர் தலைப்பின் கீழ் வந்து உட்கார்ந்தது. நான் அதையே ஆர்டர் என்று படித்துச் சொல்லிவிட்டேன். அதைத் திருத்த அரை நாள் ஆயிற்று. அதனால்தான் இந்த மடல்.

நடந்தது இதுதான். 大阪倉庫 என்பது நான்கு எழுத்து. டெர்மினலில் ஒவ்வொன்றும் இரண்டு கட்டம் பிடிக்கும், ஆக எட்டுக் கட்டம். பைத்தானின் `ljust(12)` எழுத்துகளைத்தான் எண்ணும். நான்கு என்று எண்ணி எட்டு ஸ்பேஸ் சேர்த்தது. திரையில் பதினாறு கட்டம் ஆகிவிட்டது.

இதையே சி மொழியில் `printf("%-12s")` என்று எழுதினால் பிழை எதிர்ப்பக்கம் போகும். அது பைட்டுகளை எண்ணும். யுடிஎஃப்-8இல் இந்தப் பெயர் 12 பைட். இடம் நிரம்பிவிட்டது என்று நினைத்து ஒரு ஸ்பேஸ்கூடச் சேர்க்காது. எட்டுக் கட்டத்திலேயே அடுத்த பத்தி வந்து ஒட்டிக்கொள்ளும்.

இதனால் கோளாறு எங்கே என்று நிரலைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். வரிசையில் எத்தனை ஜப்பானிய எழுத்தோ அத்தனை கட்டம் வலப்பக்கம் நகர்ந்திருந்தால், யாரோ எழுத்தை எண்ணியிருக்கிறார்கள். அதே அளவு இடப்பக்கம் நகர்ந்திருந்தால் பைட்டை எண்ணியிருக்கிறார்கள். 東京 என்ற இரண்டெழுத்துப் பெயர் இரண்டு கட்டம்தான் நகரும். அதனால் எல்லா வரிசைக்கும் பொதுவாக நாலைந்து ஸ்பேஸ் கூட்டியோ குறைத்தோ ஒட்டுப்போட முடியாது.

எண்ண வேண்டியது கட்டத்தை. யூனிகோடே ஒவ்வொரு எழுத்துக்கும் அகல வகை சொல்கிறது. `wcwidth` என்ற பைத்தான் தொகுப்பு அதை வைத்துக் கணக்கிடும்:

```python
from wcwidth import wcswidth

def pad(s, w):
    n = wcswidth(s)
    if n < 0:
        raise ValueError(s)
    return s + " " * max(0, w - n)
```

அந்த `n < 0` வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சரத்துக்குள் வண்ணக் குறியீடு இருந்தால் `wcswidth` -1 திருப்பும். கவனிக்காமல் 12இலிருந்து கழித்தால் பெயருக்குப் பின்னால் 13 ஸ்பேஸ் சேர்ந்துபோய், வண்ணமிட்ட வரிசை மட்டும் தாறுமாறாகும். முதலில் அளந்து நிரப்புங்கள், வண்ணத்தை அப்புறம் பூசுங்கள்.

நீளமான பெயரை வெட்டும்போதும் இதே கணக்குத்தான். ஏழு கட்டத்துக்குள் 大阪倉庫 வைக்க வேண்டுமென்றால் மூன்று எழுத்து ஆறு கட்டம் ஆகும், நான்காவது நுழையாது. மீதி ஒரு கட்டத்துக்கு ஒரு ஸ்பேஸ் வைக்க வேண்டும். வெட்டிய இடத்தில் `…` குறி போடுவது பலரின் வழக்கம். அதன் அகலம் யூனிகோடில் இருபொருள் வகை: சில அமைப்புகளில் ஒரு கட்டம், சிலவற்றில் இரண்டு. `..` போட்டால் சந்தேகமே இல்லை.

இனி நம் எழுத்து. தமிழ் இரட்டை அகல வகையில் இல்லை, ஆனாலும் வேறு விதமாகக் கணக்கு உதைக்கிறது. ‘சேலம்’ ஐந்து யூனிகோடு குறியீடு, 15 பைட். புள்ளிக்குக் கட்டம் கிடையாது. ஏகாரக் கொம்புக்கு ஒரு நிரல் ஒரு கட்டம் தரும், இன்னொன்று தராது. ஆக மூன்றா நான்கா என்பது நிரலையும் டெர்மினலையும் பொறுத்தது. இங்கே எந்த நூலகத்தையும் முழுசாக நம்ப முடியாது. சொல்லை அச்சிட்டுவிட்டு `ESC[6n` அனுப்பினால், கர்சர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று டெர்மினலே பதில் சொல்லும். அல்லது நிரப்புவதை விட்டுவிட்டு `ESC[13G` அனுப்பி கர்சரை நேராக 13ஆம் கட்டத்துக்குக் கொண்டுபோங்கள். கோப்புக்குப் போகும் வெளியீட்டில் இந்த இரண்டும் உதவாது. அங்கே எண்களை முதலில் அச்சிட்டு, பெயரைக் கடைசிப் பத்தியில் வையுங்கள். வலப்பக்கம் எதுவும் இல்லாதபோது நகர்வதற்கு ஒன்றும் இருக்காது.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். சோதனைத் தரவில் `Mysuru` மட்டும் வைக்காமல், `大阪倉庫`, `சேலம்` இரண்டையும் சேர்த்து, ஆர்டர் இடத்தைக் காலியாக விட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அன்புடன்,
அதிகாலை ஷிஃப்ட்டில் உங்கள் அட்டவணையைப் படிக்கும் ஒருவர்