21 எங்கே, 14 எங்கே?

ஐயா,

விளம்பரத்தில் லிட்டருக்கு 21 கி.மீ. என்றிருந்த என் பெட்ரோல் காருக்கு டேங்கை நிரப்பி, 420 கி.மீ. ஓட்டி, மறுபடி நிரப்பினேன். 30 லிட்டர் பிடித்தது. அதாவது 14 தான்.

விளம்பர எண் பொய்யல்ல. அது சோதனைக்கூடத்து எண். அங்கே கார் நகர்வதில்லை, சக்கரங்கள் உருளை மேல் சுழல்கின்றன. எம்.ஐ.டி.சி. எனும் நம் சோதனை சுமார் 20 நிமிடம்தான். உச்ச வேகம் 90 கி.மீ. அதன் நகரப் பகுதியில் 50 கி.மீ. வேகத்தை எட்ட 26 விநாடி எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி ஓட்டினால் பின்னால் வருபவர் ஹாரனை விடவே மாட்டார்!

பெரிய ஓட்டை ஏசிதான். சோதனை முழுக்க அது அணைந்தே இருக்கும். சென்னை மே மாத வெயிலில், சிக்னலில் நிற்கும்போதும் கம்ப்ரஸருக்காக இன்ஜின் பெட்ரோலைக் குடிக்கிறது. தூரமோ ஒரு மீட்டர்கூடக் கூடுவதில்லை.

கார்களை ஒப்பிட ஒரே மாதிரிச் சோதனை வேண்டும், சரி. ஆனால் ஏசி போட்டு எடுத்த எண்ணையும் பக்கத்திலேயே அச்சிடலாமே?

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை