யாழினியின் வரவேற்புரை பற்றி

அன்புள்ள செல்வி,

நீ அனுப்பிய ஒற்றை வரியும், யாழினி தன் கைப்பட எழுதிய வரவேற்புரையின் படமும் வந்து சேர்ந்தன. "யாரை முதலில் சொல்வது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் அப்பா" என்று கேட்டிருக்கிறாய். மட்டும் என்று எழுதிவிட்டாய். அதனால் அதை மட்டும் பார்க்கிறேன். தொலைபேசியில் சொல்லலாம் என்று ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன், திங்கட்கிழமையும் கூப்பிட்டேன். வேலையாக இருந்திருப்பாய். அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன்.

குழந்தையின் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. எட்டாம் வகுப்பில் இப்படித் தமிழ் எழுதுகிற பிள்ளையை நான் வேலை பார்த்த காலத்திலேயே அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். சொல்லும் முறையில்தான் நாலைந்து இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கிறது.

முதலில் வரிசை. யாழினி சிறப்பு விருந்தினரை முதலிலும் தாளாளரை மூன்றாவதாகவும் வைத்திருக்கிறாள். விருந்தினர்தானே பெரியவர் என்று நினைத்திருப்பாள். விருந்தினர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அவையை நடத்துகிறவர் விழாத் தலைவர். அவர் இசைவோடுதான் மற்றவர்கள் எழுந்து பேசுகிறார்கள். ஆகவே முதல் விளி அவருக்கு. அழைப்பிதழில் 'தலைமை' என்ற சொல்லுக்கு எதிரே யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விழாத் தலைவர். உங்கள் பள்ளியில் அது தாளாளர். அவரை முதலில் சொல்வது பள்ளி அவருடையது என்பதற்காக இல்லை. நாளைக்கே வேறொருவர் தலைமை ஏற்றால் தாளாளர் கீழே இறங்கிவிடுவார். அதற்கு அடுத்து சிறப்பு விருந்தினர், பிறகு மாமன்ற உறுப்பினர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், 'முன்னிலை' என்று போட்டிருக்கும் முதல்வர். மேடை அத்தோடு முடிந்தது. பிறகு மேடைக்குக் கீழே ஆசிரியர்கள், பெற்றோர்கள், கடைசியில் மாணவர்கள்.

வரிசையில் சந்தேகம் வந்தால் அழைப்பிதழைப் பார்க்கச் சொல். யார் யாருக்கு எந்த இடம் என்று பள்ளி நிர்வாகம் ஏற்கெனவே மண்டையை உடைத்துக்கொண்டு முடிவு செய்து அச்சடித்திருக்கும். பேசுகிற பிள்ளை அதைத் திருத்தப் போகக் கூடாது.

ஆசிரியர் முன்பா, பெற்றோர் முன்பா என்று நீயும் கேள்விக்குறி போட்டிருக்கிறாய். மாதா, பிதா, குரு என்றுதானே சொல்கிறோம் என்பது உன் வாதமாக இருக்கும். சின்ன வயதிலிருந்தே நீ வாதம் செய்யாமல் எதையும் ஏற்றுக்கொண்டதில்லை, ஏற்றுக்கொண்ட ஒன்றைத் தவிர. அது வீட்டு வரிசை. மேடையில் வேறு கணக்கு. ஆசிரியர்கள் விழா எடுக்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், பெற்றோர்கள் அவையினர். அதனால் விளிக்கும்போது ஆசிரியர் முன்னால் வருவார்.

ஆனால் யாழினி பேசப் போவது வரவேற்புரை. இங்கேதான் பெரியவர்களே தடுமாறுகிறார்கள். எல்லாரையும் பெயர் சொல்லி 'அவர்களே, அவர்களே' என்று விளித்துவிட்டு, வணக்கம் சொல்லி, மறுபடியும் அதே பெயர்களை முதலிலிருந்து எடுத்து 'வருக வருக என வரவேற்கிறேன்' என்பார்கள். கேட்கிறவனுக்கு ஒரே அழைப்பிதழை இரண்டு முறை வாசித்தது போல இருக்கும். யாழினியும் அதைத்தான் செய்திருக்கிறாள். அதிலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு வணக்கம், மொத்தம் எட்டு வணக்கம். வணக்கம் ஒன்றே போதும், எல்லாரையும் சொல்லி முடித்த பிறகு.

நான் என் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வழி இது. முதல் வாக்கியத்தில் பதவி மட்டும் வரட்டும், பெயர் வேண்டாம். "விழாத் தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினர் அவர்களே, மாமன்ற உறுப்பினர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, முதல்வர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, என்னுடன் பயிலும் நண்பர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்." நிறுத்தி நிதானமாகச் சொன்னாலும் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். பெயர்களை வரவேற்கும் இடத்தில் முழுதாக, முன்னெழுத்தோடும் பட்டத்தோடும் சொல்லட்டும்.

அந்த இரண்டாம் பகுதியில் யாருக்கு 'வருக', யாருக்கு 'வணக்கம்' என்று பிரிக்க வேண்டும். வெளியிலிருந்து வந்தவர்களுக்குத்தான் வரவேற்பு. தாளாளரும் முதல்வரும் ஆசிரியர்களும் அந்த வீட்டுக்காரர்கள். தன் ஆசிரியரைத் தன் பள்ளிக்கே வா என்று ஒரு மாணவி அழைப்பது எனக்கு எப்போதும் உறுத்தும். பல பள்ளிகளில் அதுதான் வழக்கம், யாரும் தவறென்று சொல்ல மாட்டார்கள் என்பது வேறு. 'தலைமையேற்றிருக்கும் தாளாளர் அவர்களை வணங்குகிறேன்' என்று தொடங்கி, சிறப்பு விருந்தினரை வரவேற்று, மாமன்ற உறுப்பினரையும் கழகத் தலைவரையும் வரவேற்று, முதல்வருக்கும் ஆசிரியர்களுக்கும் நன்றியோடு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, பெற்றோரை மனம் நிறைய வரவேற்று முடிக்கலாம். பெற்றோர்கள் அன்றைக்கு விருந்தாளிகள் அல்லவா?

சில்லறைத் திருத்தங்களும் உண்டு. மாமன்ற உறுப்பினருக்கு 'மாண்புமிகு' போட்டிருக்கிறாள். அது அமைச்சர் போன்றவர்களுக்கு. இவருக்கு 'மதிப்பிற்குரிய' போதும். 'மாணவச் செல்வங்களே' என்பது ஆசிரியர் வாயில் வரவேண்டியது. பதின்மூன்று வயதுப் பிள்ளை தன் தோழிகளைச் செல்வங்களே என்றால் பின் வரிசையில் சிரிப்பார்கள். பேராசிரியருக்கு 'முனைவர்' போட்டுவிட்டு 'திரு' வேறு போட வேண்டாம்.

அடுத்தது, 'தாய்மார்களே' என்று எழுதியிருக்கிறாள். அந்த ஒரு சொல்தான் இருக்கிறது. முதலில் வேறு ஏதோ எழுதி அடித்திருப்பது படத்தில் தெரிகிறது. பொதுக்கூட்டத்தில் 'தாய்மார்களே, பெரியோர்களே' என்பார்கள். பள்ளி விழாவில் 'பெற்றோர்களே' என்பதுதான் முறை. அரங்கத்தில் எத்தனையோ அப்பாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் குழந்தை பேசுகிறாள். திருத்தும்போது காரணம் எதுவும் கேட்க வேண்டாம். 'தாத்தா இப்படிச் சொன்னார்' என்று மட்டும் சொல்.

ஒரு பிள்ளைக்கு இரண்டு அனுமதி அட்டை என்று பள்ளிச் சுற்றறிக்கையில் இருப்பதாக அம்மா எங்கிருந்தோ தெரிந்துகொண்டிருக்கிறாள். உன் சித்தியாகத்தான் இருக்கும். ஒன்று உனக்கு. இன்னொன்றைப் பற்றி நான் கேட்கவில்லை. விழா சனிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை இரவு கும்பகோணத்திலிருந்து கோயம்புத்தூர் பஸ் இருக்கிறது, விடிவதற்குள் வந்துவிடலாம். என் முழங்கால் இப்போது பரவாயில்லை. ஆனால் அந்த அட்டை வேறு யாருக்காவது என்று நீ வைத்திருந்தால் அதுதான் சரி. நான் அதைக் கேட்டு வாங்கியதாக இருக்கக் கூடாது.

அழைப்பிதழைப் பார் என்று சொன்னேனே, விழா நாளன்று அதை மட்டும் நம்பக் கூடாது. எங்கள் பள்ளியில் ஓர் ஆண்டு விழாவுக்கு ஒரு கல்வி அதிகாரி வருவதாக அச்சடித்திருந்தோம். கடைசி நேரத்தில் அவருக்கு வேறு வேலை வந்து, அவருக்குக் கீழே உள்ளவரை அனுப்பிவிட்டார். வரவேற்புரை சொன்ன ஆசிரியர் மனப்பாடம் செய்ததை நிறுத்த முடியாமல் வராதவரை வாய் நிறைய வரவேற்றார், வந்தவரைச் சொல்லவே இல்லை. அந்த மனிதர் மடியில் கிடந்த துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். தன் முறை வந்ததும் "அழைப்பிதழில் பெயர் இல்லாத நான்" என்றுதான் பேச்சைத் தொடங்கினார். விழா முடியும்வரை தலைமையாசிரியரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதனால் யாழினி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதக் கூடாது. ஒருவருக்கு ஒரு துண்டு அட்டை, அதில் பெரிய எழுத்தில் பதவி, பெயர், அவரைப் பற்றி ஒரே ஒரு வரி. தமிழ்த்தாய் வாழ்த்துக்கு முன்பே தொகுப்புரை சொல்லும் ஆசிரியரிடம் போய், மேடையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டு, வராதவரின் அட்டையை எடுத்துவிட வேண்டும். புதிதாக யாராவது வந்திருந்தால் எந்த இடத்தில் செருக வேண்டும் என்று அந்த ஆசிரியரே சொல்வார். வெற்று அட்டை இரண்டு கூடவே இருக்கட்டும். பேசிக்கொண்டிருக்கும்போது விருந்தினர் உள்ளே வந்தால், சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை முடித்துவிட்டு அவரை வரவேற்க வேண்டும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. தாமதமாக வந்தார் என்று சொல்லவே கூடாது. யார் எப்போது வந்தாலும் வந்ததற்கு வரவேற்பு, அவ்வளவுதான்.

இதை யாழினிக்காகத்தான் எழுதினேன். நீ வேறு எதையும் நினைத்துக்கொள்ளாதே.

ஊரில் எல்லாரும் சுகம். தென்னையில் இந்த முறை காய்ப்பு குறைவு. மாப்பிள்ளையின் அப்பாவைச் சென்ற வாரம் கோயிலில் பார்த்தேன், மெலிந்திருக்கிறார். பேத்தி எப்படி இருக்கிறாள் என்று என்னிடம் கேட்டார். நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். உங்கள் வீட்டுப் பேத்தியைப் பற்றி என்னிடம் ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. வரவேற்புரை சொல்லப் போகிறாள் என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. சொன்னது உனக்குப் பிடிக்கவில்லை என்றால் சொல், இனி சொல்லவில்லை.

பதவி மட்டும் முதலில், பெயர் பிறகு, வணக்கம் ஒன்றே. எழுதிவிட்டேன், தெரியும். குழந்தை மறக்கக் கூடாதே என்றுதான். 'தாய்மார்களே' என்பதையும் மறக்காமல் மாற்றச் சொல்.

அழைப்பிதழ் அச்சாகி வந்ததும் உள்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. பெயர்களைப் பார்த்து அட்டைகளின் வரிசையை எழுதி அனுப்புகிறேன். செவ்வாய்க்கிழமைக்குள் கிடைத்தால் டிக்கெட் எடுப்பதா வேண்டாமா என்றும் தெரிந்துவிடும்.

அன்புடன்,
அப்பா