உன் மேசையின் மூன்று படங்கள்

அன்புள்ள மகளுக்கு,

ஆறு பேர் விருந்துக்குச் சாப்பாட்டு மேசையை மூன்று விதமாக அடுக்கி நீ அனுப்பிய மூன்று படங்களும் வந்து சேர்ந்தன. "இதில் எதுப்பா நல்லா இருக்கு, வர்றவங்களை வரவேற்கிற மாதிரி இருக்கு?" என்று கேட்டிருந்தாய். முதல் பார்வையில் நானும் மூன்றாவதைத்தான் காட்டியிருப்பேன். உயரமான பூச்சாடியும் மஞ்சள் வெளிச்சமுமாக அது கண்ணை இழுக்கிறது. ராத்திரி மறுபடியும் மூன்றையும் எடுத்துப் பார்த்தபோதுதான் மனசு மாறியது. இத்தனை வருஷம் விருந்து மேசை போட்டுப் பழகிய கண், உட்காரப் போகிற ஆறு பேரையும் அதில் உட்கார வைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. அதனால் ஒரே வரியில் பதில் சொல்லாமல் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதல் படத்தில் பக்கத்துக்கு மூன்று தட்டாக வைத்திருக்கிறாய், இரண்டு முனைகளும் காலி. உன் மேசை 150 செ.மீ. நீளம், 90 செ.மீ. அகலம் என்று வாங்கும்போது சொன்னாய். 150-ஐ மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 50 செ.மீ. ஒருவர் முழங்கை இடிக்காமல் சாப்பிட 60 செ.மீ. வேண்டும். இதை அளவுநாடா இல்லாமல் படத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். உன் பெரிய தட்டு ஏறக்குறைய 27 செ.மீ. அகலம். பக்கத்து பக்கத்துத் தட்டுகளின் மையங்கள் 60 செ.மீ. தள்ளி இருந்தால், நடுவே 33 செ.மீ. இடைவெளி இருக்கும். அதாவது இன்னொரு தட்டை அங்கே வைத்தாலும் இரண்டு பக்கமும் விரல் நுழைய இடம் மிஞ்சும். உன் படத்தில் இடைவெளி ஒரு தட்டுக்கே போதவில்லை. அந்தச் சந்துக்குள் ஒருவருடைய கத்தியும் கரண்டியும், அடுத்தவருடைய முள்கரண்டியும் நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. பார்க்க வரிசையாகத்தான் இருக்கிறது. உட்கார்ந்தவர்களோ சாப்பாடு முடியும்வரை கையை ஒடுக்கிக்கொண்டே இருப்பார்கள்.

தட்டை அளவுகோலாக வைக்கும்போது ஒன்றை மட்டும் கவனி. கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும் தட்டுகளைத்தான் ஒப்பிட வேண்டும். நீ இரண்டாவது படத்தை மேசையின் ஒரு முனையில் நின்று எடுத்திருக்கிறாய். அதனால்தான் உன் பக்கத்துத் தட்டுகள் பெரிதாகவும் விலகியும், அந்தக் கோடியில் இருப்பவை சிறிதாகவும் ஒட்டிக்கொண்டும் தெரிகின்றன. "தூரத்தில் இருப்பது நெருக்கமா இருக்கு, நகர்த்தட்டுமா?" என்று கேட்டாயே, நகர்த்தாதே. நகர்த்தினால் படத்தில் சரியாகி மேசையில் கோணலாகிவிடும். இடைவெளி பார்க்க வேண்டுமானால் ஒரு உறுதியான ஸ்டூலில் ஏறி, போனை மேசையின் நடுவுக்கு நேர் மேலே படுக்கையாகப் பிடித்து எடு. மேசை முழுக்க விழவில்லை என்று 0.5x-க்குப் போகாதே. அதில் ஓரத்துத் தட்டுகள் முட்டை மாதிரி நீண்டுவிடும், அப்புறம் எதையும் அளக்க முடியாது. இரண்டு படமாக எடுத்தாலும் பரவாயில்லை.

சரி, இரண்டாவது படத்துக்கு வருகிறேன். எனக்குப் பிடித்தது இதுதான், ஆனால் இதிலும் திருத்த வேண்டியது உண்டு. பக்கத்துக்கு இரண்டு பேர், முனைக்கு ஒருவர் என்று பிரித்தது சரியான யோசனை. பக்கத்தில் இருக்கும் இரண்டு தட்டுகளையும் 75 செ.மீ. தள்ளி வைத்துவிட்டாய். நீளத்தை இரண்டாகப் பகிர்ந்தால் அந்தக் கணக்கு வரும், தப்பில்லை. ஆனால் அவை மூலைகளை நோக்கிப் போய்விட்டன. முனையில் உட்காருபவருடைய தட்டும் பக்கத்தில் இருப்பவருடைய தட்டும் மூலையில் கிட்டத்தட்ட முட்டிக்கொள்கின்றன. படத்தின் இடது கீழ் மூலையைப் பெரிதாக்கிப் பார், ஒருவருடைய கிளாஸ் இன்னொருவருடைய கரண்டிக்கு மேல் நிற்கிறது. அது யாருடைய கிளாஸ் என்று இரண்டு பேரும் தயங்குவார்கள். மூலையில் மேசைக்கால் வேறு இருக்கிறது, முழங்கால் இடிக்கும்.

ஒவ்வொரு பக்கத் தட்டையும் நடுவை நோக்கி ஏழெட்டு செ.மீ. தள்ளு. தட்டின் மையம் முனையிலிருந்து 45 செ.மீ. வந்தால், பக்கத்தில் இருக்கும் இரண்டுக்கும் இடையே சரியாக 60 கிடைக்கும். மூலைகளும் மூச்சு விடும். எல்லாத் தட்டும் மேசை விளிம்பிலிருந்து கட்டைவிரலின் முதல் கணு அளவு, 2.5 செ.மீ. உள்ளே இருக்கட்டும். எதிரெதிர்த் தட்டுகள் நேருக்கு நேர் நிற்கட்டும். மேலிருந்து எடுத்த படத்தில் இந்த இரண்டும் பிசகினால் உடனே தெரியும். தெரியவில்லையென்றால் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார். தட்டு, கரண்டி என்று பார்க்கும் பழக்கம் விட்டுப்போய், வெறும் வட்டமும் கோடுமாகத் தெரியும்.

இப்போது அந்தப் பூச்சாடி. எனக்கு இதில் ஒரு சொந்த அனுபவம் உண்டு. பன்னிரண்டு பேர் விருந்து ஒன்றுக்கு உயரமான பூக்கள் வைத்து, வாசலில் நின்று படம் எடுத்தேன், எல்லோரும் பாராட்டினார்கள். விருந்தினர் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் ஒருவர் ஜாடியைத் தூக்கித் தரையில் வைத்தார். எதிரே இருப்பவருடைய முகம் தெரியவில்லை. அன்று எனக்கு ரொம்ப வேதனையாக இருந்தது. நின்றுகொண்டு பார்க்கிற கண்ணுக்குக் கீழே அடங்கி இருக்கிற பூ, உட்கார்ந்த கண்ணுக்குச் சுவராகிவிடும். உட்கார்ந்தவருடைய கண் மேசைக்கு மேலே ஏறக்குறைய 45 செ.மீ.தான். உன் படத்தில் பூ ஒன்றரைத் தட்டு உயரம் இருக்கிறது, அதாவது 40 செ.மீ. கொஞ்சம் குனிந்தாலே முகம் மறையும். முழங்கையை மேசையில் ஊன்றிக் கையை நிமிர்த்திப் பார், மணிக்கட்டுக்கு மேல் பூ போகக் கூடாது. எதிரெதிர்த் தட்டுகளுக்கு நடுவே உனக்கு இருப்பதே 30 செ.மீ. சொச்சம். அதில் கிளாஸ்களும் பரிமாறும் பாத்திரங்களும் போக, அகலமான ஜாடிக்கு இடமில்லை. சின்னக் கிண்ணத்தில் குட்டையாக வெட்டிய பூ போதும்.

மூன்றாவது படம் இதமாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் வெளிச்சம். முதல் இரண்டையும் பகலில் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்துவிட்டு, இதை மட்டும் ராத்திரி விளக்கில் எடுத்திருக்கிறாய். அப்படி வைத்து எந்த அடுக்கு நல்லது என்று சொல்லவே முடியாது. மூன்றையும் விருந்து நடக்கப் போகிற அதே நேரத்தில், அதே விளக்கில், நின்ற இடம் மாறாமல் எடுத்தால்தான் ஒப்பிடலாம்.

அப்புறம், வரவேற்பு என்று நீ கேட்டதற்கு என் பதில் நாற்காலியில் இருக்கிறது. மூன்று படத்திலும் நாற்காலிகளை முட்ட உள்ளே தள்ளிவிட்டாய், சாப்பிட்டு முடித்துப் பூட்டிய அறை மாதிரி இருக்கிறது. இருக்கையின் முன் விளிம்பு மேசைவிரிப்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற அளவுக்கு வெளியே இழு. விரிப்பு மடங்காமல் நேராகத் தொங்கும், உள்ளே வருபவருக்கு எது தன் இடம் என்று புரியும்.

மாற்றி வைத்த பிறகு இரண்டு படம் அனுப்பு. ஒன்று நேர் மேலிருந்து. இன்னொன்று, நீ ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, போனைக் கண் உயரத்தில் பிடித்து, எதிர் நாற்காலியை நோக்கி எடுத்தது. முடிந்தால் அந்த எதிர் நாற்காலியில் மாப்பிள்ளையை உட்கார வை. அவர் முகம் முழுசாகத் தெரிகிறதா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா