காய்ச்சல் விட்ட மறுநாளே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம்

அன்புள்ள பெற்றோருக்கும், பெற்றோர் வெளியூரில் இருக்கப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஐயா, அப்பத்தா, ஆயா அனைவருக்கும் வணக்கம்.

ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. காய்ச்சலுக்காக விடுப்பு எடுக்கும் பிள்ளைகள் கூடும் காலம் இது. காய்ச்சல் அடிக்கும் நாளில் எல்லா வீட்டிலும் கவனமாகத்தான் பார்க்கிறீர்கள். உடம்பு குளிர்ந்த மறுநாள் காலையில் "விட்டுருச்சு" என்று சொல்லி அனுப்பிவிடுகிறீர்கள். டெங்குவாக இருந்தால் பிள்ளையைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டியதே அந்த நாளில்தான். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில், தொட்டுப் பார்த்துச் சூட்டை முடிவு செய்யாதீர்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். அக்குளில் வியர்வையைத் துடைத்துவிட்டு, முனை தோலோடு ஒட்டும்படி வைத்து, 'பீப்' சத்தம் வரும்வரை கையை உடம்போடு சேர்த்துப் பிடியுங்கள். 100.4 டிகிரி பாரன்ஹீட்டும் அதற்கு மேலும் காய்ச்சல். அக்குளில் உண்மையான சூட்டைவிட அரை முதல் ஒரு டிகிரி வரை குறைவாகக் காட்டும் என்பதால், 99.5-ஐத் தாண்டினாலே கவனிக்கத் தொடங்குங்கள். எண்ணைப் பார்த்த நேரத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள். காய்ச்சல் என்றைக்கு, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதுதான் அந்தத் தாளின் முதல் வரி. மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியும் அதுவே.

மருந்து பாராசிட்டமால் மட்டும் போதும். அதை வயதைப் பார்த்துக் கொடுக்காதீர்கள், எடையைப் பார்த்துக் கொடுங்கள். ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளைக்கான அளவு. யு.கே.ஜி. படிக்கும் பிள்ளை 17 கிலோ இருந்தால் ஏறக்குறைய 250 மில்லிகிராம் வரும். தவறு நடப்பது இதற்கு அடுத்த படியில். கடையில் ஒரே மருந்து இரண்டு வலுவில் கிடைக்கிறது. 5 மில்லிக்கு 125 என்று போட்ட பாட்டிலில் இந்தப் பிள்ளைக்கு 10 மில்லி, 5 மில்லிக்கு 250 என்று போட்ட பாட்டிலில் 5 மில்லி. போன தடவை 10 மில்லி கொடுத்த நினைவில், இந்தத் தடவை வாங்கிய 250 பாட்டிலிலிருந்தும் 10 மில்லி கொடுத்தால் அது இரு மடங்கு. நாளுக்கு நாலு வேளை அப்படிக் கொடுத்தால் கல்லீரல் கெடும். ஆகவே ஒவ்வொரு தடவையும் லேபிளைப் படியுங்கள். சமையல் கரண்டி வேண்டாம், பாட்டிலோடு வரும் அளவு மூடியால் அளந்து கொடுங்கள். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நாலு மணி நேரம், 24 மணி நேரத்தில் நாலு வேளைக்கு மேல் கூடாது. சூடு அடங்கவில்லை என்று வேறு மருந்தைச் சேர்க்காதீர்கள். மெஃபெனமிக் ஆசிட், ஐபுப்ரூஃபென், ஆஸ்பிரின் மூன்றும் டெங்குவில் இரத்தக் கசிவைக் கூட்டும். "காய்ச்சல் மருந்து" என்று கடையில் தருவதில் மெஃபெனமிக் கலந்திருக்கும் கலவைகளும் உண்டு, பார்த்து வாங்குங்கள். வீட்டில் கம்பளியால் போர்த்தி வைப்பதும், ஐஸ் தண்ணீரால் துடைப்பதும் வேண்டாம்.

இனி நீராகாரம். 17 கிலோ பிள்ளைக்கு நாளுக்கு ஒன்றே கால் முதல் ஒன்றரை லிட்டர் வரை உள்ளே போக வேண்டும், 150 மில்லி டம்ளரில் ஒன்பது டம்ளர். சோறு கொஞ்சம் குறைந்தால் பாதகமில்லை, இது குறையக் கூடாது. அரிசிக் கஞ்சி, மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். எல்லாம் நல்லவை. வெறும் தண்ணீரை மட்டுமே கொடுத்தால் உப்புச்சத்து போதாது. ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டரில் முழுதாகக் கரையுங்கள், பாதிப் பொடியைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் மறுபடி தொடங்குங்கள். டம்ளரோடு நீட்டினால் திரும்பவும் கக்கும். இந்த நாட்களில் மாதுளைச் சாறு, பீட்ரூட், கவுணி அரிசி வேண்டாம். கெடுதல் என்பதற்காக இல்லை. வாந்தி சிவப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ வந்தால், அது இரத்தமா உணவா என்று உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் குழப்பம். நிலவேம்புக் குடிநீர் கொடுக்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு ஒன்று: அது இந்த ஒன்பது டம்ளர் கணக்கில் சேராது. போதுமா என்பதைச் சிறுநீர் சொல்லும். ஆறு மணி நேரத்துக்குள் ஒரு தடவையாவது, வெளிர் மஞ்சளாகப் போக வேண்டும்.

இப்போது நாட்கணக்கு. திங்கட்கிழமை மாலை காய்ச்சல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். புதன்கிழமையும் அடித்தால், பிள்ளை ஓடியாடினாலும் மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். முதல் ஐந்து நாளுக்குள் எடுக்கும் என்.எஸ்.1 பரிசோதனையில் டெங்கு தெரிய வாய்ப்பு அதிகம். வியாழன் மாலை சூடு இறங்குகிறது. சாதாரண வைரஸ் காய்ச்சல் என்றால் கதை அத்தோடு முடிந்தது. மருந்து இல்லாமல் 24 மணி நேரம் சூடு வராமல் இருந்தால் பிள்ளையை அனுப்பலாம். டெங்கு என்றால், சூடு இறங்கும் அந்த வேளையில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியத் தொடங்கும். குழாய்க்குள் இருக்கும் இரத்தம் கெட்டிப்பட்டு, ஓட்டம் குறையும். இது 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். ஆகவே வியாழன் மாலையிலிருந்து சனி மாலை வரை பிள்ளை உங்கள் கண்ணெதிரே இருக்கட்டும். டெங்கு என்று உறுதியானால் மருத்துவர் சொல்லும் நாளில் அனுப்புங்கள்.

கசிவு தொடங்கிய பிள்ளையை இப்படி அறியலாம்: காய்ச்சல் இல்லை, ஆனால் பிள்ளை தெளியவில்லை. நெற்றி குளிர்ந்திருக்கும், உள்ளங்கையும் பாதமும் அதைவிடச் சில்லென்று இருக்கும். வயிறு விடாமல் வலிக்கும், திரும்பத் திரும்ப வாந்தி வரும். ஈறிலோ மூக்கிலோ இரத்தம் தெரியும், மலம் கறுத்துப் போகலாம். சோர்ந்து தூங்கியபடியே இருக்கும், அல்லது காரணமில்லாமல் நச்சரிக்கும். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திராமல் அந்த நேரமே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வண்டி இல்லையென்றால் 108. தட்டணு எண்ணிக்கை நன்றாக இருக்கிறது என்று முந்தைய நாள் வந்த தாளை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். கசிவை அந்த எண் மட்டும் காட்டாது.

நாளைக் கணக்குப் பார்க்காமல் உடனே போக வேண்டியவையும் உண்டு: மூன்று மாதத்துக்குட்பட்ட தம்பி தங்கைக்கு 100.4 காட்டினாலே, எந்த வயதிலும் மூச்சிரைப்பு, கழுத்து விறைப்பு, மருந்துக்கும் அடங்காத 104. எல்.கே.ஜி. வயதில் காய்ச்சலோடு வலிப்பும் வரலாம். வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். கையில் இரும்புச் சாவி, வாயில் கரண்டி, தண்ணீர் எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108, அதற்குள் நின்றாலும் அன்றே மருத்துவர்.

டெங்குக் கொசு பகலில் கடிப்பது. காய்ச்சல் பிள்ளை பகலில் தூங்கும்போதும் வலை போடுங்கள், இல்லையென்றால் அதே கொசு வீட்டில் அடுத்தவரைக் கடிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். வளவு முற்றத்தில் மழைநீர் பிடித்து வைக்கும் அண்டாக்களையும் தொட்டியையும் வாரம் ஒரு தடவை கவிழ்த்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டின் சாவி உங்களிடம் இருந்தால் அங்கேயும் பாருங்கள்.

விடுப்பு முடிந்து வரும் பிள்ளையின் கையில் அந்தக் காய்ச்சல் தாளையும் கொடுத்தனுப்புங்கள். காய்ச்சல் விட்ட நாளும் நேரமும் அதில் இருந்தால், வகுப்பாசிரியர் எத்தனை நாள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்வார். கூடுதல் விடுப்புக்காக எந்தப் பிள்ளையின் வருகைப் பதிவிலும் குறை வைக்க மாட்டோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்