மணியடித்தால் மட்டும் போதாது: சர்வர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சர்வர் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். டெலிவரி ஆட்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு ஆப்பை எழுதுபவன் நான். போன மாதம், ஆப் அடிக்கடி வந்து கேட்கும் போலிங்கை அடியோடு நிறுத்தி, திறந்தே இருக்கும் வெப்சாக்கெட் இணைப்பு வழியாக சர்வரே அனுப்பும் புஷ் மட்டும் போதும் என்று முடிவெடுத்தீர்கள். உங்கள் சங்கடம் புரிகிறது. 3000 போன்கள் 5 வினாடிக்கு ஒருமுறை “வேலை இருக்கா?” என்று கேட்டால் வினாடிக்கு 600 கோரிக்கைகள். முக்கால்வாசிக்கு மேல் “இல்லை” என்பதுதான் பதில். அதைச் சொல்லவும் டேட்டாபேஸைத் தட்டியாக வேண்டும். இடைவெளியை 60 வினாடியாக்கினால் சுமை 50க்கு இறங்கும். ஆனால் ஆர்டர் போய்ச் சேர சராசரியாக அரை நிமிடம், நேரம் சரியில்லை என்றால் முழு நிமிடம். சாப்பாடு ஆறிவிடும்.

சரி, புஷ்ஷில் என்ன நடந்தது? வெள்ளிக்கிழமை இரவு ஒருவர் கடை வைஃபையை விட்டு வெளியே வந்தார். போன் மொபைல் டேட்டாவுக்கு மாறியது. பழைய இணைப்பு செத்துவிட்டது, ஆனால் அதை உங்கள் சர்வருக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த ஆர்டரை அந்தச் செத்த இணைப்பில் எழுதி, லாகில் “sent” என்று போட்டுக்கொண்டது. ஆப் லாகில் அந்த ஆர்டரின் சுவடே இல்லை. இரண்டு நிமிடத்தில் ஆப் புது இணைப்பு போட்டுவிட்டது. ஆனால் அனுப்பியாயிற்று என்று குறித்ததை மறுபடி அனுப்ப சர்வருக்குத் தோன்றவில்லை. மனிதர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார், ஆர்டர் 11 நிமிடம் அந்தரத்தில் கிடந்தது. திட்டு வாங்கியது அவர்தான்.

போலிங்கில் ஒரு கேள்வி தொலைந்தால் அடுத்த கேள்வி அதைச் சரிசெய்துவிடும். புஷ்ஷில் தொலைந்தால் தொலைந்ததுதான்.

அதனால் புஷ்ஷை எடுக்கச் சொல்லவில்லை. அதை வாசல் மணியாக மட்டும் வையுங்கள். மணி அடித்ததும் ஆப் வந்து பட்டியலை எடுத்துக்கொள்ளும்:

```
GET /tasks?after=48213
```

கையில் இருக்கும் கடைசி எண்ணுக்குப் பிறகு வந்தவை எல்லாம் வேண்டும் என்பதுதான் இதன் பொருள். ஒவ்வொரு முறை இணைப்பு புதிதாகும்போதும் இதையே கேட்பேன். கிடைத்தது என்று ஆப் சொல்லும்வரை எந்த ஆர்டரையும் முடிந்ததாகக் குறிக்காதீர்கள். 30 வினாடிக்கு ஒரு பிங் அனுப்புங்கள். பதில் வராத இணைப்பை மூடிவிடுங்கள். பிங்குக்கு டேட்டாபேஸ் தேவையில்லை.

அப்புறம், மணியே அடிக்காமல் போனால் என்ன செய்வது? அதற்காக 2 நிமிடத்துக்கு ஒருமுறை போலிங் வைத்துக்கொள்கிறேன். 3000 போன்களுக்கும் சேர்த்து வினாடிக்கு 25 கோரிக்கைகள்தான், பழைய 600 இல்லை. நீங்கள் சர்வரை ரீஸ்டார்ட் செய்யும்போது எல்லாப் போன்களும் ஒரே நொடியில் கதவை இடிக்காமல் இருக்க, ஒவ்வொன்றும் 0 முதல் 30 வினாடிக்குள் ஏதோ ஒரு நேரம் காத்திருந்து இணையும்படி என் பக்கத்தில் எழுதிவிட்டேன்.

உங்கள் பக்கம் பாக்கி இருப்பது அந்த `after`, பிங், ஆப் சொன்ன பிறகே குறிப்பது. வரும் வெள்ளிக்கு முன்னால் முடியுமா?

இப்படிக்கு,
ஆப் பக்கத்து ஆள்