எலக்ட்ரான் ஏறவில்லை, இறங்குகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பக்கத்தில், ஒளிச்சேர்க்கையின் இசட் வரைபடத்துக்குக் கீழே ஒரு வாக்கியம் போட்டிருந்தீர்கள். இரண்டாம் ஒளி அமைப்பில் கிளம்பும் எலக்ட்ரான் 'படிப்படியாக ஆற்றலைப் பெற்று' முதலாம் ஒளி அமைப்பை அடைகிறதாம். மூன்று நாளாக மனசு ஆறவில்லை.

பெறவில்லை ஐயா, இழக்கிறது. இந்தப் படத்தில் எதிர்மறை எண்கள்தான் மேலே, ஆற்றல் கூடிய பக்கம். அடியில், ஏறத்தாழ +1.2 வோல்ட்டில் இருப்பது இரண்டாம் ஒளி அமைப்பின் பச்சையமான பி680. ஒரு ஒளித்துகள் பட்டதும் அதன் எலக்ட்ரான் ஒரே தாவலில் சுமார் -0.6க்குப் போய்விடுகிறது. அப்புறம் எல்லாம் இறக்கம்தான். பிளாஸ்டோகுவினோன், சைட்டோகுரோம், பிளாஸ்டோசயனின் வழியாக +0.45 பக்கம் உள்ள, முதலாம் ஒளி அமைப்பின் பச்சையமான பி700க்கு வந்து சேர்கிறது. அந்த இறக்கத்தில் விடும் ஆற்றல்தான் புரோட்டான்களைத் தைலகாய்டுக்குள் சேர்க்கிறது. அவை வெளியேறும்போது ஏடிபி உண்டாகிறது. எலக்ட்ரான் ஆற்றலைப் பெற்றுக்கொண்டே போனால் ஏடிபிக்கு ஆற்றல் எங்கிருந்து வரும்?

என் வகுப்பில் ஒரு மாணவி இதையே வேறு விதமாகக் கேட்டாள். "ஏறிக்கிட்டேதானே போகுது, அப்புறம் ரெண்டாவது தடவை வெளிச்சம் எதுக்கு சார்?" அவள் கையில் இருந்ததும் இப்படி ஒரு பத்திரிகைப் படம்தான். சுண்ணாம்புக்கட்டியைக் கொடுத்து, கரும்பலகையில் அவளையே இறங்கும் கோட்டை வரையச் சொன்னேன். பி700க்கு வந்ததும் கை நின்றுவிட்டது. எலக்ட்ரான் கடைசியில் போய்ச் சேர வேண்டிய என்ஏடிபி இருப்பது -0.32இல், அவ்வளவு மேலே. "இங்கிருந்து எட்டாது சார்" என்றாள். அதற்குத்தான் இரண்டாவது ஒளித்துகள். அது எலக்ட்ரானை -1.2 வரை தூக்கிவிடுகிறது. அங்கிருந்து ஃபெரெடாக்சின் வழியாக என்ஏடிபிக்கு இறங்குவது சுலபம்.

போன வருடம் செங்குத்து அச்சில் எதிர்மறை எண்களைக் கீழே போட்டு, படத்தை மட்டும் பழையபடி விட்டிருந்தீர்கள். எழுதினேன், பதில் இல்லை. அதற்கு முந்தைய வருடம், இரண்டுக்கு முன்னால் ஒன்று வர வேண்டும் என்று யாரோ ஒளி அமைப்புகளின் எண்களையே மாற்றிவிட்டார்கள். அவை கண்டறிந்த வரிசையில் வைத்த எண்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நீர் விஷயமும் அப்படியே. +0.82இல் உள்ள நீர் பி680க்கு மேலே நிற்க வேண்டும். எலக்ட்ரானை இழந்த பி680 நீரிடமிருந்தே அதைப் பிடுங்க முடிவது அதனால்தான். நீங்களோ ஒவ்வொரு முறையும் நீரை அடியில் போட்டு, அம்புக்குறியை மேல்நோக்கி வரைகிறீர்கள். இருபத்தேழு வருடம் இந்தப் படத்தை வரைந்த கை இது. பார்க்கவே வலிக்கிறது.

அடுத்த இதழில் ஒரு வரி போட்டால் போதும்: 'அந்த வாக்கியத்தில் பெற்று என்பதை இழந்து என்று திருத்திப் படிக்கவும்.'

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
மதுரை